நசுங்காத முகப்பா, நசுங்கும் முகப்பா?

தோ பாயோ கார் நிறுத்துமிடத்தில் ஒரு மாமா தன் பழைய காரின் கனத்த முகப்பைத் தட்டி, "இதுதான்பா பாதுகாப்பு" என்றார். ஜேசியில் படிக்கும் அவர் மகள் சிரித்தாள். சரி, கணக்குப் போட்டே பார்ப்போம்.

1,200 கிலோ கார் மணிக்கு 54 கி.மீ., அதாவது நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதி நிற்கிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால், இழக்கும் உந்தம் 18,000 நியூட்டன் நொடி. விசை-நேர வரைபடத்தின் பரப்பளவான கணத்தாக்கும் அதேதான், முகப்பு எப்படி இருந்தாலும்.

வரைபடத்தை முக்கோணமாக வைத்துக்கொள்வோம். விறைப்பான முகப்பு 0.05 நொடியில் நின்றால் உச்ச விசை 720,000 நியூட்டன். முக்கோணம் ஒல்லியாக, உயரமாக எழும். நசுங்கும் முகப்பு 0.1 நொடி எடுத்தால் அடிப்பக்கம் இரட்டிப்பாகும், உச்சம் 360,000 ஆகும். அதற்கு முகப்பு முக்கால் மீட்டர் நசுங்க வேண்டும். மாமாவுக்கு அது வீண்செலவாகத் தெரியலாம்! பெல்ட் போடாதவருக்கு மட்டும் இந்தக் கூடுதல் நேரம் கிடைக்காது. கார் நிற்கும்போதும் அவர் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருப்பார்.