நான் வாங்காத காப்பீட்டுக்கு 23 மாதப் பிரீமியம்

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போய் நான்கு வாரம் இருந்துவிட்டு லண்டன் திரும்பியிருக்கிறேன். விமானம், டாக்சி, ஆதார் புதுப்பிப்பு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. என் மனசில் நிற்பது கிரெடிட் கார்டு விவகாரம் ஒன்றுதான். நம்மில் பலர் ஊரில் ஒரு கார்டு வைத்திருக்கிறோம், ஸ்டேட்மென்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் இதை விவரமாகவே எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது, அப்பா அம்மாவின் மின் கட்டணம், மருந்து, இன்டர்நெட் இதற்கெல்லாம் உதவும் என்று டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு கார்டு எடுத்தேன். முழு நிலுவையும் மாதாமாதம் என் என்ஆர்ஓ கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். அதனால் ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலை நான் தொட்டதே கிடையாது. அப்பா தொட்டிருக்கிறார். நான் வந்த இரண்டாம் நாள், அச்செடுத்த ஒரு ஸ்டேட்மென்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார். ஒரு வரியின் கீழ் நீல மையில் கோடு, பக்கத்தில் கேள்விக்குறி. ஏதோ ‘ஷீல்டு பிரீமியம்’ 288 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 51 ரூபாய் 84 காசு. “இது என்னப்பா, நீ சொல்லிப் போட்டதா?” என்று கேட்டார்.

நான் சொல்லிப் போட்டதில்லை. அது கார்டு நிலுவைக்காக எடுக்கும் காப்பீட்டின் பிரீமியம். அந்த ஸ்டேட்மென்ட் அம்மாவின் கண் ஆபரேஷன் நடந்த மாதத்துடையது. நிலுவை 64,000 ரூபாய். 100 ரூபாய்க்கு 45 காசு வீதம் போட்டால் சரியாக 288 வருகிறது, அதன் மேல் 18 சதவீத வரி. சாதாரண மாதங்களில் நிலுவை 16,000 அளவில் இருக்கும். அப்போது 72 ரூபாயும் 12 ரூபாய் 96 காசு வரியும்தான். அந்தத் தொகை யார் கண்ணிலும் படாது. பில் தேதியில் இருக்கும் நிலுவையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அதனால் கெடுவுக்குள் முழுப் பணமும் கட்டி, ஒரு பைசா வட்டி கட்டாதவரிடமும் பிரீமியம் பிடித்துவிடுகிறார்கள். பழைய ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இறக்கிக் கூட்டிப் பார்த்தேன். 23 மாதம், பிரீமியம் 1,900 ரூபாய், வரி 342, மொத்தம் 2,242 ரூபாய்.

தொகை பெரிதில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் பிரிட்டனில் இருக்கும் எனக்கு இந்தப் பற்றைப் பார்த்ததும் பிபிஐ ஞாபகம்தான் வந்தது. கடனோடும் கார்டோடும் ஒட்டவைத்து விற்ற காப்பீட்டுக்காக அங்கே வங்கிகள் 3,800 கோடி பவுண்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று ஊரெல்லாம் விளம்பரம் ஓடியது. அங்கே ஒருவர் “எனக்கு பிபிஐ போட்டுவிட்டார்கள்” என்றால் எதிரில் இருப்பவருக்கு அடுத்த வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ஊரில் நான் வங்கிக் கிளையில் போய்ச் சொன்னபோது, “சார், அது கார்டு டிவிஷன், எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல” என்று ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கிளையில்தான் அப்பாவுக்கு டோக்கன் கொடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பாஸ்புக்கில் வரி போட்டுக் கொடுப்பார்கள். அந்த நினைப்பில் போனவனுக்கு அந்தப் பதில் ரொம்பவே வலித்தது.

அந்த எண்ணில் முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். “சார், கேன்சல் ரிக்வெஸ்ட் போட்டுடலாமா?” என்று கேட்டார். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த அப்பா கையை அழுத்தினார். “ரத்து பண்ணுன்னு சொன்னா, அதுக்கு முன்னாடி நீ எடுத்துக்கிட்டதா ஆயிடும்” என்றார். அவர் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. ரத்து என்று கேட்டால் இன்றைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள், புகாரும் முடிந்ததாகப் பதிவாகிவிடும். பிடித்த பணம் பிடித்ததுதான். அதனால் போனை வைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தோம்.

ஆங்கிலத்தில் ஒரே பக்கம் எழுதி, கார்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். அவருடைய பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருந்தன. கடிதத்தின் சாரம் இது:

“என் கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் மேலே உள்ளன. இணைப்பில் உள்ள பட்டியலின்படி 23 மாதங்களில் பாதுகாப்புத் திட்டப் பிரீமியமாக 1,900 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டி 342 ரூபாயும் என் கணக்கில் பற்று வைத்திருக்கிறீர்கள். இந்தத் திட்டத்தில் சேர நான் எழுத்திலோ, மின்னணு முறையிலோ, தொலைபேசியிலோ ஒப்புதல் தந்ததில்லை. எனவே இது நான் எடுத்த காப்பீட்டை ரத்து செய்யும் விண்ணப்பம் அல்ல. ஒப்புதல் இல்லாத பற்றைத் திருப்பும்படி கேட்கும் கடிதம். திட்டத்தை இன்றே நீக்கி, தொடக்கம் முதல் பிடித்த 2,242 ரூபாயை வரியோடு சேர்த்துத் திருப்பித் தாருங்கள். நான் ஒப்புதல் தந்ததாக நீங்கள் கருதினால், அதற்கான படிவத்தின் நகலையோ குரல் பதிவையோ, நான் குறிப்பிட்ட நாமினியின் பெயரோடு அனுப்புங்கள். இந்தக் கேள்வி தீரும்வரை வரும் பில்களை முழுமையாகக் கட்டுவேன். அப்படிக் கட்டுவது இந்தப் பற்றை நான் ஏற்றதாக ஆகாது.”

கடைசி இரண்டு வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோபத்தில் பிரீமியத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் அந்தச் சில ரூபாய் பாக்கிக்காக வட்டி ஏறும், கடன் வரலாற்றிலும் கறை விழலாம். கட்டிவிட்டு, எதிர்ப்போடு கட்டுகிறேன் என்று எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

நாமினியைக் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள், காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து கார்டுக்குப் பாதுகாப்பு கொடுத்தால் கார்டுதாரரின் வெளிப்படையான ஒப்புதலை எழுத்திலோ மின்னணு முறையிலோ நாமினி விவரத்தோடு வாங்க வேண்டும் என்கின்றன. பில்லை ஒருவர் மறுத்தால் 30 நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், தேவைப்பட்டால் ஆவணமும் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டேன்.

மின்னஞ்சலில் அனுப்பிய பிறகும் அப்பா விடவில்லை. இரண்டு நகல் எடுத்து அதே கிளைக்குக் கூட்டிப்போனார். “பெற்றுக்கொண்டோம்னு சீல் மட்டும் வைங்கம்மா” என்றார். கவுன்டரில் இருந்த பெண் ஒரு கணம் யோசித்துவிட்டு, ஊதா மையில் தேதியோடு சீல் குத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். லண்டனில் இப்படி ஒரு தாள் எனக்குக் கிடைக்காது. அங்கே சாட்டில் ஒரு எண் தருவார்கள், அதோடு சரி. அந்த ஊதா சீல் கையில் இருந்தபோது எனக்கு வந்த தெம்பு அந்த எண்ணால் என்றைக்கும் வந்ததில்லை.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ‘திட்டத்தை ரத்து செய்துவிட்டோம். ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டதால் பிரீமியம் திருப்ப இயலாது. நல்லெண்ண அடிப்படையில் கடைசி மூன்று மாதப் பிரீமியம் வரவு வைக்கிறோம், சம்மதம் என்று பதில் அனுப்பவும்.’ நான் கேட்காத ‘ரத்து’ என்ற சொல் அதில் வந்துவிட்டது, பார்த்தீர்களா? ஃப்ரீ லுக் என்பது பாலிசியை வாங்கியவர், படித்துப் பார்த்து வேண்டாம் என்று திருப்பித் தருவதற்கான கெடு. வாங்கவே வாங்காதவனுக்கு அந்தக் கெடு எங்கிருந்து தொடங்கும்? இதை மட்டும் மூன்று வரியில் எழுதினேன். மூன்று மாதத் தொகையை முழுத் தீர்வாக ஏற்கவில்லை என்றும், ஒப்புதல் ஆவணம் இன்னும் வரவில்லை என்றும் சேர்த்தேன். காப்பீட்டு நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்று போனில் ஒருவர் சொன்னார். என் கார்டில் பற்று வைத்தது நீங்கள், திருப்ப வேண்டியதும் நீங்கள் என்று அதற்கும் எழுத்தில் பதில் போட்டேன்.

அப்புறம்தான் ஆவணம் வந்தது. அது குரல் பதிவு இல்லை, கார்டுக்கு நான் கொடுத்த விண்ணப்பத்தின் ஸ்கேன். பார்த்ததும் அந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. விமானத்துக்கு முந்தின நாள். முகவர் படிவத்தைத் தானே நிரப்பிக்கொண்டு வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி வைத்திருந்தார். மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தின் அடியில் பாதுகாப்புத் திட்டம் என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது. அது அச்சிலேயே இருக்கிறது. மற்றக் கட்டங்களில் இருப்பது பேனா டிக். கீழே நாமினி பெயர், உறவு, பிறந்த தேதி என்று மூன்று கோடு. மூன்றும் காலி. அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தும் இல்லை, பென்சில் குறிகூட இல்லை.

அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்பினேன். ‘டிக் அச்சில் உள்ளது. நாமினி இல்லை. கையெழுத்து இல்லை. இதை ஒப்புதலாகக் காட்ட முடியாது. என் முதல் கடிதத்திலிருந்து 30 நாள் முடிந்ததும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இதே பக்கத்தை இணைத்துப் புகார் செய்வேன்’ என்று எழுதினேன். அந்தப் புகாரை cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். ஆனால் முதலில் நிறுவனத்துக்கு எழுதி, 30 நாள் பதில் இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி தராமல் இருக்க வேண்டும். நேராக அங்கே போனால் திருப்பிவிடுவார்கள். ஊதா சீலில் இருந்த தேதியின் அருமை அப்போது புரிந்தது.

இருபத்தாறாம் நாள், நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது 1,900 ரூபாய் கார்டில் வரவானதாகச் செய்தி வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையைப் பார்த்துவிட்டு, “வரி எங்கே?” என்றார். பிரீமியத்தை மட்டும் திருப்பி, 342 ரூபாய் ஜிஎஸ்டியை விட்டுவிட்டார்கள். முதல் கடிதத்தில் வரியைத் தனியாகக் குறிப்பிட்டிருந்ததால் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடிதத்தில் அந்த இடத்தை மஞ்சளில் குறித்து, அதே மின்னஞ்சல் சங்கிலியிலேயே அனுப்பிவிட்டு விமானம் ஏறினேன்.

நேற்று அடுத்த ஸ்டேட்மென்ட் வந்தது. இந்தத் தடவை நானே திறந்து பார்த்தேன். பிரீமியம் என்ற பற்றே இல்லை, 342 ரூபாயும் வரவாகியிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அச்செடுத்து, அந்தக் கேள்விக்குறிப் பக்கத்தோடு சேர்த்து பின் அடித்துக் கோப்பில் வைத்துவிட்டேன் என்று போனில் சொன்னார்.