வாடகை ரசீது: ஸ்க்ரீன்ஷாட்டா, பிடிஎஃப்பா?

மாடி வீட்டில் குடியிருப்பவருக்கு மாதாமாதம் ரசீது அனுப்புகிறேன். முதலில் ஸ்க்ரீன்ஷாட், இப்போது பிடிஎஃப். இரண்டுக்கும் செலவில்லை.

வேகம்: ஸ்க்ரீன்ஷாட் பத்து நொடி வேலை. பிடிஎஃப்புக்கு கூகுள் டாக்ஸில் மாதிரி ரசீது ஒன்றை வைத்துக்கொண்டு, தேதியையும் தொகையையும் மாற்றி, மூன்று புள்ளி மெனுவில் Share & export, Send a copy, PDF என்று போக வேண்டும். பழகிவிட்டால் இரண்டு நிமிடம்.

தெளிவு: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ‘8,500’ என்பதில் 8-ஆ 3-ஆ என்று அவர் ஒருமுறை போன் செய்து கேட்டார். பிடிஎஃப் அப்படியே போய்ச் சேரும், எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து மங்காது. எழுத்துருவும் உள்ளேயே இருப்பதால், அவர் போன் எதுவானாலும் தமிழ் உடையாது.

தேடுதல்: ஸ்க்ரீன்ஷாட் கேலரியில் கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே தொலைந்துவிடும். பிடிஎஃப்புக்கு ‘வாடகை-2025-06’ என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்தும் சாட்டில் தேடி எடுக்கலாம்.

கணக்கு கூகுள் ஷீட்ஸில் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அகலமான அட்டவணையின் கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடலாம். தாளைக் கிடைமட்டமாக்கி, அனுப்புமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

‘பணம் வந்துவிட்டது’ என்று சொல்ல மட்டும் என்றால் ஸ்க்ரீன்ஷாட் போதும். வீட்டு வாடகைப்படி கழிவுக்காக அலுவலகத்தில் கொடுப்பார் என்றால், கையெழுத்துப் படமும் சேர்த்த பிடிஎஃப்பையே அனுப்புங்கள்.