வருத்தம் என்று எழுதாமல் வருத்தத்தை எழுதுவது: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கதை எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "உணர்ச்சிக்குப் பெயர் சொல்லாதே, காட்சியாகக் காட்டு என்கிறார்களே, நீங்கள் பல வருடங்களாக அப்படித்தானே எழுதுகிறீர்கள். உண்மையிலேயே பயன்படுகிறதா?" விதி என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆகவே அதை விளக்கப்போவதில்லை. அதோடு நாள்தோறும் புழங்குவது எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்றுவரை தீரவில்லை. ஒரு சிறு இதழுக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையும் எனக்கு உண்டு. இந்த விதியைக் கற்றவர்களின் கதைகளில் "வருத்தம்" என்ற சொல் காணாமல் போயிருக்கிறது, அதன் இடத்தில் உடம்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. கண்கள் பனிக்கின்றன. தொண்டை அடைக்கிறது. விரல்கள் நடுங்குகின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள். இது காட்டுவதே அல்ல. "அவள் வருத்தப்பட்டாள்" என்பது சுருக்கமானது, நேர்மையானது. "அவள் கண்களில் நீர் திரையிட்டது" என்பதும் அதே செய்திதான், கொஞ்சம் நீட்டி முழக்கியிருக்கிறது. படிப்பவர் அதை மனத்துக்குள் "சரி, வருத்தம்" என்று மாற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. அந்த வாக்கியத்தை வெட்டி, வேறொருவர் எழுதிய வேறொரு கதையில் ஒட்டிப் பாருங்கள். தையல் தெரியாமல் பொருந்திவிட்டால் அது காட்சி இல்லை. ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886-இல் தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், பாத்திரத்தின் மனநிலையை விவரிப்பதைத் தவிர்த்து அது செயலில் விளங்கும்படி செய்யச் சொல்கிறார். அதே இடத்தில் தேய்ந்துபோன பொதுச்சொற்களிடமிருந்து தப்பும்படியும் எச்சரிக்கிறார். விதியின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் இந்தப் பனித்த கண்களை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, இந்த முறை எனக்குத் தந்த இன்பம். என் கதை ஒன்றின் முதல் வரைவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "மகள் முனைவர் பட்டம் பெற்றதில் அவருக்கு அளவில்லாத பெருமை." இதை "அவர் நெஞ்சு விம்மியது" என்று மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை. பெருமை என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை ஓடாது. எதைப் பற்றிய பெருமை என்று கேட்டால் ஓடும். உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எனக்குத் துணைக்கு வந்தது இந்த இடத்தில்தான். அது பெருமிதம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: கல்வி, தறுகண் என்னும் அஞ்சாமை, இசைமை என்னும் புகழ், கொடை. அழுகைக்கும் நான்கு: இளிவு, இழவு, அசைவு என்னும் தளர்ச்சி, வறுமை. அதாவது பிறர் இகழ்வதால் வரும் அழுகை வேறு, ஒன்றை இழந்ததால் வரும் அழுகை வேறு. இழந்தவர் அந்தப் பொருள் இருந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவார். இகழப்பட்டவர் அந்த இடத்தின் பக்கமே தலைகாட்ட மாட்டார். உணர்ச்சியின் பெயர் ஒன்றுதான், ஆனால் கால்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. வகை தெரிந்தவுடன் செயல் தானாக வருகிறது.

என் கதையில் இருப்பது கல்வியால் வந்த பெருமிதம், அதுவும் தான் படிக்காத ஒருவருடையது. அவர் வங்கியில் கணக்கு தொடங்க விண்ணப்பம் நிரப்புகிறார். நாமினி பெயருக்கு வரிசையாகக் கட்டங்கள். மகளின் பெயரை எழுதிவிட்டுத் தொடர்ந்து பட்டத்தையும் எழுதுகிறார். கட்டங்கள் தீர்ந்து எழுத்துகள் ஓரத்தில் வழிகின்றன. கவுன்ட்டரில் இருப்பவர், "பெயர் மட்டும் போதும் ஐயா, பட்டம் வேண்டாம்" என்கிறார். இவர் சண்டை போடவில்லை. இன்னொரு விண்ணப்பம் கேட்டு வாங்குகிறார். பேனா மூடியால் கட்டங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். பிறகு ஒரு கட்டத்துக்கு இரண்டு எழுத்தாகக் குறுக்கி, முதலிலிருந்து எழுதத் தொடங்குகிறார்.

இது ஓடுவதற்குக் காரணம் நுணுக்கமான விவரணை அல்ல. அவருக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, கையில் இருக்கும் பொருள் அதற்கு இடம் கொடுக்க மறுக்கிறது, அவர் விடவில்லை. இந்த மூன்றும் இருந்தால் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டியதில்லை. கட்டங்களை எண்ணும் அந்தப் பேனா மூடி எனக்குத் திட்டமிட்டு வந்ததல்ல. பெருமை என்ற சொல்லை விலக்கி வைத்ததால் கிடைத்தது. இப்படிப்பட்ட ஒன்று எப்போதாவது கைக்கு வருவதற்காகத்தான் இந்த முறையோடு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் காட்சியை மட்டும் தனியே படித்த ஒருவர், அந்த மனிதரைப் பகட்டுக்காரர் என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காட்சி தன் பொருளைத் தானே சுமப்பதில்லை, முன்னால் நடந்தவற்றிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. இதைச் சரிசெய்ய "பெருமையோடு" என்ற சொல்லைச் செருக வேண்டியதில்லை. பல பக்கங்களுக்கு முன்னால் வேறொரு விண்ணப்பத்தை வைத்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது "பெற்றோரின் கல்வித் தகுதி" என்ற இடத்தில் அவர் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார், அவ்வளவுதான். அதைப் படித்தவர் யாரும் வங்கிக் காட்சியைப் பகட்டு என்று சொல்லவில்லை. ஒரு காட்சி விளங்கவில்லை என்றால் பெரும்பாலும் பழுது அந்தக் காட்சியில் இருக்காது, அதற்கு வெகுமுன்னால் ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கும்.

விலையும் உண்டு. நான்கு சொற்களில் முடிந்திருக்க வேண்டியது அரைப் பக்கம் ஆகிறது. எல்லா உணர்ச்சிக்கும் அரைப் பக்கம் கொடுத்தால் கதை நகராது. பத்து வருடங்களைத் தாண்டிப் போகும் பத்தியில் "அந்த வருடங்களில் அவன் பயந்துகொண்டேயிருந்தான்" என்று எழுதிவிட்டுப் போவதுதான் சரி. இன்னொன்று: பாத்திரங்கள் தங்கள் உணர்ச்சிக்குத் தாங்களே பெயர் சொல்லலாம், தவறான பெயரையும் சொல்லலாம். மூச்சு முட்டும் கோபத்தில் இருப்பவன் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று சொல்வது, பெயரைத் தடைசெய்யும் விதி நமக்குத் தராத ஒன்று. விதியைக் கற்பிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பருக்கு நான் சொன்ன பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதம் மட்டும் என் மேசைக்கு வந்த நடுங்கும் விரல்களைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருக்கும் கதையை "வருத்தமாக இருந்தது", "பெருமையாக இருந்தது" என்றே எழுதி முடிக்கச் சொன்னேன். முடித்த பிறகு அந்தச் சொற்களின் கீழ் கோடு போட்டு, எந்த ஒன்று இல்லாவிட்டால் கதையே இல்லையோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அந்த மனிதருக்கு அப்போது என்ன வேண்டும், கையில் என்ன இருக்கிறது, அது எப்படி மறுக்கிறது என்று யோசிக்கட்டும். மற்றவற்றை அப்படியே விட்டுவிடலாம்.