ஒரு பக்க வழிகாட்டி: பொத்தான் வரிசையா, வேலை வரிசையா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு தொண்டு அமைப்பில், உணவுப் பொட்டலங்களின் கணக்கைக் காட்டும் பவர் பிஐ டாஷ்போர்டுக்காக நான் இரண்டு வழிகாட்டித் தாள்களை எழுதினேன். முதல் தாள் திரையின் படத்தில் எண்களை இட்டு, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று விளக்கியது. இரண்டாவது, "இந்த மாதம் எத்தனை பொட்டலங்கள் போயின?" என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, டாஷ்போர்டைத் திறப்பது முதல் கோப்பைச் சேமிப்பது வரை படிப்படியாகச் சென்றது.

பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடுபவருக்கு முதல் தாளே விரைவாக உதவும். ஆனால் அதைப் பார்த்து வேலை செய்த கணக்குப் பிரிவு அக்கா 214 என்று எழுதிக் கொடுத்தார். சரியான எண் 612. முந்தைய நாள் அவர் ஃபீனிக்ஸ் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார். ஒருவர் கடைசியாக வைத்த ஃபில்டரைப் பவர் பிஐ நினைவில் வைத்து, மறுநாள் திறக்கும்போதும் அப்படியே காட்டும் என்பதை என் தாள் சொல்லவில்லை. தவறு தாளுடையது, அவருடையது அன்று.

அதனால் இரண்டாம் தாள் `Reset to default` பொத்தானை அழுத்துவதில் தொடங்குகிறது. அது டாஷ்போர்டை உருவாக்கியவர் வைத்த தொடக்க நிலைக்கே திரும்பும். அந்த நிலையிலும் ஏதேனும் ஃபில்டர் இருக்கலாம். ஆகவே அடுத்த படியாக, வரைபடத்தின் மேல் மவுஸைக் கொண்டுசென்றால் ஓரத்தில் தெரியும் புனல் குறியின் மேல் சற்று நிறுத்தி, அந்த வரைபடத்தைப் பாதிக்கும் ஃபில்டர்களின் பட்டியலைப் படிக்கச் சொல்கிறது.

மவுஸை ஒரு மாதத்துக்கான பட்டையின் மேல் வைத்தால் தோன்றும் எண் அந்தப் பட்டைக்கு மட்டுமே உரியது. பொட்டலங்களைப் பட்டை பட்டையாகக் கூட்டலாம். குடும்பங்களை அப்படிக் கூட்டக்கூடாது, ஏனெனில் இரண்டு மாதங்களில் வாங்கிய குடும்பம் இரு பட்டைகளிலும் எண்ணப்பட்டிருக்கும்.

தகவலைக் கோப்பாக ஏற்றுமதி செய்வதில்தான் வேறுபாடு பெரிது. முதல் தாள் `.xlsx`, `.csv` இரண்டையும் சமமாகக் காட்டியது. தென்னாப்பிரிக்க அமைப்புள்ள கணினிகளில் தசமத்துக்குக் காற்புள்ளியும், பட்டியலைப் பிரிக்க அரைப்புள்ளியும் வழக்கமாக இருப்பதால், காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட `.csv` கோப்பை இருமுறை தட்டி எக்செலில் திறந்தால் எல்லாத் தகவலும் A நிரலில் குவிந்துவிடுகிறது. மேலும் `.csv` கோப்பில் 30,000 வரிசைகளுக்கு மேல் வராது. `.xlsx` கோப்பின் எல்லை 1,50,000. கோப்பு சரியாக 30,000 வரிசைகளில் முடிந்தால், மீதி வெட்டுப்பட்டிருக்கும் என்றே கொள்ள வேண்டும். எனவே இரண்டாம் தாளில் மூன்று புள்ளிகள், `Export data`, `.xlsx` என்ற ஒரே பாதைதான் உண்டு.

தினசரி வேலைக்கு நான் இரண்டாம் தாளையே தேர்ந்தெடுத்தேன். முதல் தாளிலிருந்து சிறிய திரைப் படம் ஒன்றை மட்டும் அதில் சேர்த்தேன். `Reset to default`, புனல் குறி, மூன்று புள்ளிகள் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டுமே அதில் எண்கள் உள்ளன.