சாம்பல் பூத்த லாக் ஃபுட்டேஜ்: கையால் இழுப்பதா, லட் போடுவதா, CST-யா?

மயிலாப்பூரில் ஒரு காலை முகூர்த்தம். அதை எடுத்த தம்பி, ஹார்ட் டிஸ்க்கோடு வடபழனியில் என் எடிட் அறைக்கு வந்தான். “அண்ணா, எல்லாமே விபூதி பூசின மாதிரி வெளுத்துக் கிடக்கு. கேமராவில் கோளாறா?” என்று கேட்டான். கோளாறு எதுவும் இல்லை. சோனியின் லாக் வடிவமான S-Log3-இல் எடுத்திருந்தான், அவ்வளவுதான்.

ஹோமத் தீயும் மண்டபத்தின் இருட்டு மூலையும் ஒரே ஃபிரேமில் தங்கவேண்டும் என்பதற்காக, லாக் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும், அதாவது வெளிச்சத்தின் ஒவ்வொரு இரட்டிப்புக்கும், கிட்டத்தட்ட சம பங்கு கொடுக்கிறது. 10 பிட் ஃபைலில் மொத்தம் 1,024 படிகள். நடு வெளிச்சத்துக்கு மேலே ஒரு ஸ்டாப்புக்குச் சுமார் 78 படிகள் கிடைக்கின்றன. சரியான எக்ஸ்போஷரில் கறுப்பு 95-இலும், நடுச் சாம்பல் 420-இலும், வெள்ளைத் தாள் 598-இலும் உட்காரும். மானிட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. அது ஃபைலை Rec.709, அதாவது சாதாரண டிவிக்கான தரம், என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளை உச்சிக்குப் போகாமல் பாதி வழியில் நிற்பதால் படம் மங்கித் தெரிகிறது. நிறத்துக்கும் இதே கதைதான். S-Gamut3.Cine அகலமான நிறவெளி. அதில் அழுத்தமான அரக்கைக் குறிக்கும் எண்களைச் சின்ன நிறவெளியாக வாசித்தால், காஞ்சிபுரம் பட்டு வெளுத்த செங்கல் நிறமாகிவிடும்.

தம்பி முதலில் செய்தது, கான்ட்ராஸ்டையும் சாச்சுரேஷனையும் கையால் ஏற்றியது. ஒரே ஷாட் என்றால் கண்ணுக்கு ஒப்பேறும். ஆனால் சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தள்ளுகிறது. நிறவெளி மாற்றம் அப்படியில்லை, ஒவ்வொரு நிறத்தையும் வேறு வேறு திசையில் நகர்த்துகிறது. அதனால் புடவை சரியாக வந்தபோது மணப்பெண்ணின் முகம் ஆரஞ்சாகிவிட்டது. முகத்தைத் திருத்தினால் மாலையின் பச்சை கெட்டது. 400 கிளிப்புகளுக்கு இந்த மல்லுக்கட்டு ஆகாது.

அடுத்தது லட். `.cube` ஃபைல் என்பது ஒரு விடைப் பட்டியல். 33 புள்ளி லட் என்றால் 33×33×33, அதாவது 35,937 நிறங்களுக்கு விடை எழுதி வைத்திருக்கும், இடைப்பட்டவற்றை ஊகித்துக்கொள்ளும். கேமரா கம்பெனியே தரும் 709 லட்டில் நிறம் உடனே ஒழுங்காகும். கேமரா மானிட்டரில் போட்டுப் பார்க்க இதுவே வசதி. ஆனால் அந்தப் பட்டியல் எக்ஸ்போஷர் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் எழுதப்பட்டது. தம்பி நிழலில் நாய்ஸ் வராமலிருக்க வேண்டுமென்றே 2 ஸ்டாப் ஏற்றி எடுத்திருந்தான். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி 598-இல் இருக்க வேண்டியது, 754-இல் இருந்தது. ஃபைலில் மடிப்பெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. லட் போட்டதும் எல்லாம் உச்சியில் ஒட்டிக்கொண்டு, வேட்டி ஒரே வெள்ளைப் பட்டையாகிவிட்டது. லட்டுக்குப் பிறகு ஹைலைட்டை இறக்கிப் பார்த்தான். பட்டை சாம்பலானதே தவிர, மடிப்பு திரும்பவில்லை.

தப்பு லட்டில் இல்லை, வரிசையில்தான். லட்டுக்கு முன்னால் ஒரு நோடு வைத்து, வேவ்ஃபார்மில் வேட்டி 754-இலிருந்து 598-க்கு வரும்வரை `Offset`-ஐ இறக்கினோம். லாக்கில் ஒரு ஸ்டாப் என்பது ஏறக்குறைய மாறாத தூரம் என்பதால், இந்த ஒரே இறக்கம் படம் முழுவதையும் 2 ஸ்டாப் குறைத்தது போலவே வேலை செய்கிறது. ஆழ்ந்த நிழலில் மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். மடிப்பும் ஜரிகைக் கரையும் வந்துவிட்டன.

நான் கிரேடுக்குத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழியான CST-யை, எடிட் மென்பொருளான ரிசால்வில் இருக்கும் `Color Space Transform`:

```
Input Color Space: S-Gamut3.Cine
Input Gamma: S-Log3
Output Color Space: Rec.709
Output Gamma: Gamma 2.4
```

இது பட்டியலைப் பார்த்து ஊகிப்பதில்லை, சூத்திரப்படி கணக்கிடுகிறது. டோன் மேப்பிங்கை `None` என்று வைத்தால், உச்சிக்கு மேலே போன மதிப்புகளும் அடுத்த நோடு வரை உயிரோடு போகும். லட் அவற்றை வெட்டிவிடும். ஆனாலும் எக்ஸ்போஷரை இதற்கும் முன்னால் திருத்துவதுதான் நல்லது.

இரண்டு வழியிலும் உள்ளீட்டைத் தப்பாகச் சொன்னால் எல்லாம் கெடும். சோனியின் இன்னொரு லாக்கான S-Log2-இல் நடுச் சாம்பல் 347. அதற்கான லட்டை S-Log3 கிளிப்பில் போட்டால் முகங்கள் தேவைக்கு மேல் வெளிறும். இணையத்தில் கிடைக்கும் அழகு லட்டுகளில் பல, 709-ஆக மாறிய படத்தை எதிர்பார்ப்பவை. அவற்றை லாக்கில் நேராகப் போடாமல், மாற்றத்துக்குப் பிறகு போடவேண்டும்.

ஒரு கேமரா மட்டும் 8 பிட்டில் இருந்தது. அதில் ஒரு ஸ்டாப்புக்கு 20 படிகூட இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் அந்தியில் எடுத்த ஜோடி ஷாட்டில், லட், CST எதைப் போட்டாலும் வானம் பட்டை பட்டையாக உடைந்தது. லேசாக கிரெய்ன் தூவி மறைத்தோம். அடுத்த முறை அந்தக் கேமராவில் லாக்கே வேண்டாம், சாதாரண 709-இல் எடு என்று சொல்லி அனுப்பினேன்.