தொலைநோக்கியா, நுண்ணோக்கியா: படம் பார்த்து உருப்பெருக்கம் காண எதை முதலில் நடத்தலாம்?

பிளஸ் டூ ஒளியியலில் ஒரு கணக்கு தவறாமல் வரும். படத்தில் இரண்டு குவிலென்ஸ்கள் இருக்கும், அவற்றின் குவியத்தூரங்கள் எழுதியிருக்கும், கண்ணருகு லென்ஸைத் தாண்டிக் கதிர்கள் இணையாக வெளியேறும். இயல்புநிலையில் உருப்பெருக்கத் திறன் என்ன என்று கேட்பார்கள். கருவி வானியல் தொலைநோக்கியாக இருக்கலாம், கூட்டு நுண்ணோக்கியாகவும் இருக்கலாம். பாடப்புத்தகத்தில் நுண்ணோக்கிதான் முதலில் வருகிறது. காட்பாடியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கும் நான் அதை மாற்றி, தொலைநோக்கியை முன்னே கொண்டுவந்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். தொலைநோக்கியில் பொருளருகு லென்ஸின் குவியத்தூரம் f₀ பெரியது, கண்ணருகு லென்ஸின் குவியத்தூரம் fₑ சிறியது. நுண்ணோக்கியில் இரண்டுமே சிறியவை. இரண்டு கருவியிலும் நாம் காணும் பிம்பம் தலைகீழானது. அதனால் சில புத்தகங்களில் விடைக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், சிலவற்றில் இருக்காது. இதற்கு மேல் இந்த வித்தியாசங்களில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

என் தேர்வைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: இரண்டு லென்ஸுக்கும் நடுவே உள்ள இடைவெளி.

இயல்புநிலை என்றால் கடைசி பிம்பம் ஈறிலாத் தொலைவில் இருக்கிறது, கண் தளர்வாகப் பார்க்கிறது என்று அர்த்தம். கதிர்கள் இணையாக வெளியே வரவேண்டுமானால், பொருளருகு லென்ஸ் உண்டாக்கும் முதல் பிம்பம் கண்ணருகு லென்ஸின் குவியத்தில் சரியாக விழவேண்டும். இது இரண்டு கருவிக்கும் பொது. தொலைநோக்கியில் பொருள் வெகு தொலைவில் இருப்பதால் முதல் பிம்பம் பொருளருகு லென்ஸின் குவியத்திலேயே விழுகிறது. ஆக, இரண்டு லென்ஸின் குவியங்களும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிடுகின்றன. லென்ஸ்களுக்கு இடையே உள்ள தூரம் f₀ + fₑ, உருப்பெருக்கம் m = f₀/fₑ. படத்தில் மூன்றாவதாக ஒரு நீளம் தேவையே இல்லை.

உதாரணத்துக்கு f₀ = 50 செ.மீ., fₑ = 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உருப்பெருக்கம் 10, நீளம் 55 செ.மீ. படத்தில் 55 என்று குறித்திருந்தால் அது புதிய தகவல் இல்லை, நம் விடையைச் சரிபார்க்க உதவும் எண். அது 55 ஆக இல்லாமல் 54.2 என்று இருந்தால், கடைசி பிம்பம் 25 செ.மீ.யில் இருக்கும் அண்மைப்புள்ளி நிலையைப் படம் காட்டுகிறது என்று பொருள். அப்போது விடை 10 அல்ல, 12. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நகர்வுதான், ஆனால் உருப்பெருக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடுகிறது. படத்தில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளியேறும் கதிர்கள் இணையாக இருக்கின்றனவா, அல்லது விரிந்து போய்ப் பின்னால் புள்ளிக்கோடுகளாக நீள்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

நுண்ணோக்கியில் நிலைமை வேறு. பொருள் பக்கத்தில், பொருளருகு லென்ஸின் குவியத்துக்குச் சற்று வெளியே இருக்கிறது. அதனால் முதல் பிம்பம் அந்த லென்ஸின் குவியத்தைத் தாண்டி வெகுதூரம் தள்ளி விழுகிறது. இரண்டு குவியங்களும் இப்போது விலகி நிற்கின்றன. அந்த விலகல்தான் L. பொருளருகு லென்ஸின் உட்புறக் குவியத்தில் தொடங்கிக் கண்ணருகு லென்ஸின் உட்புறக் குவியத்தில் முடியும் நீளம் அது. ஃபார்முலா m = (L/f₀) × (D/fₑ). இதில் D என்பது அண்மைப்புள்ளியின் தூரம், 25 செ.மீ.

பிள்ளைகள் தடுக்குவது இங்கேதான். படத்தில் பெரும்பாலும் லென்ஸுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தைத்தான் குறித்திருப்பார்கள். “மிஸ், குழாய் நீளம்னு போட்டிருக்கு, அதுதானே L?” என்று கேட்காத பேட்ச் கிடையாது. ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். f₀ = 2 செ.மீ., fₑ = 5 செ.மீ., லென்ஸ்களின் இடைவெளி 23 செ.மீ.

23-ஐ அப்படியே L என்று போட்டால் (23/2) × (25/5) = 57.5 வரும். சரியா என்று ஃபார்முலா இல்லாமலே பார்ப்போம். முதல் பிம்பம் கண்ணருகு லென்ஸிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும். எனவே பொருளருகு லென்ஸிலிருந்து அதன் தூரம் 23 − 5 = 18 செ.மீ. லென்ஸ் சமன்பாட்டில் v = 18, f = 2 என்று போட்டால் பொருளின் தூரம் 2.25 செ.மீ. ஆகவே பொருளருகு லென்ஸ் தரும் உருப்பெருக்கம் 18/2.25 = 8. கண்ணருகு லென்ஸ் தருவது 25/5 = 5. மொத்தம் 40. கழித்தல் குறியை இங்கே விட்டுவிட்டேன். 57.5 எங்கே, 40 எங்கே!

இப்போது L-ஐ முறையாக எடுத்துப் பாருங்கள். 23 − 2 − 5 = 16. (16/2) × (25/5) = 40. தோராயமாக அல்ல, அச்சொட்டாக அதே விடை. 18-ஐ L என்று எடுப்பவர்களுக்கு 45 வரும். பல வினாக்களில் 57.5-உம் 45-உம் விடைத் தெரிவுகளிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் தப்பு செய்தவருக்குச் சந்தேகமே வராது. வினாவிலேயே 'L' என்று எழுதி மதிப்பும் கொடுத்திருந்தால் பேச்சே இல்லை, அப்படியே போடலாம். லென்ஸ்களின் இடைவெளி என்று கொடுத்திருந்தால் இரண்டு குவியத்தூரங்களையும் கழித்தாகவேண்டும்.

தொலைநோக்கியை முதலில் நடத்தினால் இந்தச் சிக்கல் தானாக அவிழ்கிறது. அதே கழித்தலைத் தொலைநோக்கிக்குச் செய்துபாருங்கள்: 55 − 50 − 5 = 0. இயல்புநிலைத் தொலைநோக்கி என்பது L பூஜ்ஜியமாகிவிட்ட அமைப்பு. இரண்டு குவியமும் ஒரே புள்ளியில் இருப்பதை முதலில் படத்தில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, நுண்ணோக்கியில் அவை பிரிந்து நிற்பது பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பிரிவுக்குப் பெயர்தான் L என்று சொன்னால் பிறகு மறப்பதில்லை. நுண்ணோக்கியை முதலில் எடுத்தால் L ஏதோ குழாயின் உடம்பு நீளம் மாதிரி மனதில் பதிந்துபோகிறது, அதை அழிப்பது பெரும்பாடு.

தொலைநோக்கிக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. கணக்கில் வந்த விடையை மேசைமேல் அளந்து காட்டலாம். ஒரு மீட்டர் ஒளியியல் மேசையில் 50 செ.மீ. லென்ஸையும் 5 செ.மீ. லென்ஸையும் 55 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, பெரிய லென்ஸை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்ப வேண்டும். சூரியன் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கண்ணருகு லென்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து மெல்ல நகர்த்தினால், ஐந்தரை சென்டிமீட்டர் தூரத்தில் விளிம்பு கூர்மையான ஒரு சின்ன ஒளிவட்டம் விழும். அது பொருளருகு லென்ஸின் பிம்பம். லென்ஸின் விட்டம் 50 மி.மீ. என்றால் வட்டம் 5 மி.மீ. இருக்கும். பெரிய விட்டத்தைச் சிறிய விட்டத்தால் வகுத்தால் 10. f₀/fₑ என்ற விகிதம் தாளில் வந்து விழுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கிறார்கள்.

இதில் இரண்டு கவனம் வேண்டும். லென்ஸின் விட்டம் என்று தாங்கியின் வளையத்துக்குள் திறந்திருக்கும் பகுதியைத்தான் அளக்கவேண்டும், வளையம் மறைத்த ஓரம் கணக்கில் வராது. இரண்டாவது, 5 மி.மீ. வட்டத்தைச் சாதாரண அளவுகோலால் அளக்கும்போது அரை மில்லிமீட்டர் இங்கேயோ அங்கேயோ போகும். அதனால் விடை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் எங்கும் வரலாம். அதற்கு மேல் துல்லியம் இந்த முறையில் கிடைக்காது.

கண்ணால் பார்த்துக் குவியப்படுத்துவதானால் எதைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தால் முதல் பிம்பம் குவியத்தில் விழாமல் அரை சென்டிமீட்டர் பின்னால் போய்விடும், இடைவெளி 55.5 ஆகும். வேலூர் மலைமேல் தெரியும் பழைய கோட்டைச் சுவரைக் குறிவையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பொருளுக்கு இந்த நகர்வு கால் மில்லிமீட்டர்கூட வராது. பிள்ளைகளின் கண்ணில் இன்னொரு பிரச்சினை உண்டு. இளம் கண் தானாகவே அண்மைக்குக் குவிந்துகொள்ளும், அதனால் அவர்கள் நிறுத்தும் இடைவெளி 55-க்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஒளிவட்டத்தை அளக்கும்போது லென்ஸ்களை 55-இல் நிறுத்தியே செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

நம்மூர்ப் பக்கத்துப் பெரிய தொலைநோக்கியையும் இந்தக் கணக்குக்குக் கொண்டுவரலாம். பழைய வட ஆற்காட்டில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கிக்கு 1986-இல் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. அதில் இருப்பது லென்ஸ் அல்ல, 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி. முதன்மைக் குவியத்தில் அதன் குவியத்தூரம் விட்டத்தைப் போல 3.25 மடங்கு, அதாவது ஏறக்குறைய 7.6 மீட்டர். 25 மி.மீ. கண்ணருகு லென்ஸை அங்கே வைப்பதாகக் கற்பனை செய்தால் உருப்பெருக்கம் சுமார் 304. ஆனால் அந்த இடத்தில் கண் வைத்துப் பார்ப்பதில்லை, கேமரா பொருத்துகிறார்கள். கேமரா வந்துவிட்டால் fₑ என்ற ஒன்றே கிடையாது, m = f₀/fₑ என்ற கேள்விக்கும் இடமில்லை. அங்கே f₀ மட்டுமே பிம்பத்தின் அளவைத் தீர்மானிக்கும்.

நுண்ணோக்கி பக்கம் நான் பேசக்கூடியது குறைவு. பள்ளி லேபில் இருப்பதைத் தவிரப் பெரிய கருவிகளை அதிகம் கையாண்டதில்லை. ஆனாலும் ஒன்று சொல்லலாம். 160 மி.மீ. குழாய் நீளத்துக்குச் செய்த பழைய வகைப் பொருளருகு லென்ஸில் 40 என்று பொறித்திருந்தால், அந்த எண்ணுக்குள் L/f₀ ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. f₀ சுமார் 4 மி.மீ. என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். கண்ணருகு லென்ஸில் 10 என்றிருந்தால் fₑ 25 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் 400. லேபில் யாரும் குவியத்தூரத்தைத் தேடுவதில்லை, பொறித்த எண்களைப் பெருக்கினாலே வேலை முடிந்தது. நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியையே முதலில் எடுக்கலாம் என்று ஒருவர் வாதாடினால் மறுக்கமாட்டேன். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பெருக்கல்தான்.

குவியத்தூரங்களை வைத்துக் கணக்குப் போடவேண்டிய பிள்ளைகளுக்கு என் வரிசை இதுதான்: முதலில் 50-உம் 5-உம், பிறகு 2-உம் 5-உம் 23-உம். நுண்ணோக்கிப் படத்தில் இரண்டு குவியத்தூரம் மட்டும் இருந்து, L-உம் இல்லை, லென்ஸ்களின் இடைவெளியும் இல்லை என்றால், அந்தக் கேள்விக்கு எண்ணாக விடை கிடையாது. L-ஐ L என்றே விட்டு, மேலே உள்ள லென்ஸ்களுக்கு m = 2.5 L என்று எழுதி, L சென்டிமீட்டரில் என்று பக்கத்தில் குறிப்பிடச் சொல்கிறேன்.