தேன் வாங்குவது மூன்று மாதம், விற்பது பன்னிரண்டு மாதம்: வங்கிக் கடனுக்கு எந்த வரிசை எடுபடும்?

மார்த்தாண்டத்துக்கு அருகே என் அத்தை மகன் தேன் வடிகட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறார். தொழில் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு விற்பனை 45 லட்சம் ரூபாய். இந்த ஆண்டு 60 லட்சத்துக்கு ஆர்டர் இருக்கிறது. தேனின் ஈரப்பதத்தைக் குறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு கடன், சீசனில் தேன் வாங்கி வைக்க, வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் காஷ் கிரெடிட் ஒன்று, இரண்டும் அவருக்குத் தேவைப்பட்டன. வங்கியில் காட்ட, தொழிலை ஸ்லைடுகளாக வரிசைப்படுத்திச் சொல்லும் பிட்ச் டெக்குக்கு அவரிடம் மூன்று விதமான வரைவுகள் சேர்ந்துவிட்டன. முதலாவது அவருடைய மகள் கல்லூரியில் படித்த முறையில் செய்தது. இரண்டாவது ஆடிட்டர் கொடுத்தது. மூன்றாவதை, முன்பு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்த நான் அவரோடு உட்கார்ந்து எழுதினேன். மூன்றில் எது எதற்கு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி. என் வரைவுமீது எனக்கு ஒரு சாய்வு இருக்கும் என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மகள் செய்தது முதலீட்டாளருக்கான வரிசை. கலப்படத் தேன் என்ற பிரச்சினை, அதற்குத் தீர்வு, நாடு முழுவதும் தேனுக்கு இருக்கும் சந்தை, ஐந்து ஆண்டு வளர்ச்சி, குழு, கடைசியில் எவ்வளவு பணம் வேண்டும் என்பது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வங்கி மேலாளர் இதைப் படிக்கும்போது அவர் மனத்தில் ஓடும் கணக்கு வேறு. தொழில் பத்து மடங்கு வளர்ந்தால் முதலீட்டாளரின் பங்கும் பத்து மடங்காகும். வங்கிக்கோ எவ்வளவு வளர்ந்தாலும் அதே வட்டிதான். தொழில் படுத்துவிட்டால் மட்டும் அசலே போய்விடும். ஆகவே அவர் சந்தை எவ்வளவு பெரியது என்று தேடுவதில்லை. பணம் எந்த மாதம் வெளியே போகும், எந்த மாதம் திரும்பி வரும் என்று தேடுகிறார். அந்தப் பன்னிரண்டு ஸ்லைடுகளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. இந்த வரிசை எதிரில் நின்று பேச ஆள் இருந்தால்தான் நிற்கும். கிளை மேலாளரின் அதிகாரத்துக்கு மேற்பட்ட தொகை என்றால் விண்ணப்பம் கடன் பரிசீலனை மையத்துக்குப் போகும். அங்கே அதைப் படிக்கும் அதிகாரிக்கு விண்ணப்பதாரரின் முகமே தெரியாது. நீங்கள் வாயால் சொன்ன எதுவும் காகிதத்தோடு போகாது.

ஆடிட்டரின் வரைவு நேர் எதிர். மூன்று ஆண்டு கணக்கு, ஐந்து ஆண்டு மதிப்பீடு, விகிதங்கள் எல்லாம், கடனுக்காக வங்கிகள் கேட்கும் சி.எம்.ஏ. படிவத்தில் அட்டவணைகளாக இருந்தன. வங்கியின் மொழி இதுதான், இது இல்லாமல் கோப்பு நகராது. பேக்கரி, மளிகைக் கடை போல மாதா மாதம் வாங்கி மாதா மாதம் விற்கும் தொழில் என்றால் இதன் முன்னால் ஒரு பக்க அறிமுகம் வைத்தாலே போதும் என்பேன். தேனுக்குத்தான் இது காலை வாருகிறது.

காரணம் ரப்பர் மரம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டங்களில் ரப்பர் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பின் முனையில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ சேகரிக்கிறது. தேனீப் பெட்டி வைத்திருப்போர் தேன் எடுப்பது பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. வாங்குவதையும் அப்போதே வாங்கியாக வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிவதோ மார்ச் 31, சீசனின் நட்டநடுவில். என் அத்தை மகனின் மதிப்பீட்டில் அன்றைக்குக் கிடங்கில் 22 லட்ச ரூபாய்த் தேன் இருக்கும். ஏழு மாத விற்பனைக்கு மேல் வரும். இந்த ஊரைத் தெரியாத அதிகாரி அதைப் பார்த்தால், விலைபோகாமல் தேங்கிய சரக்கு என்றுதான் நினைப்பார். அவர்மீது குற்றமில்லை. அட்டவணை அப்படித்தான் பேசுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் கடன் தொகையைக் கணக்கிடும் முறையில் இருக்கிறது. சிறுதொழில்களின் நடைமுறை மூலதனத்துக்கு வங்கிகள் பின்பற்றும் எளிய வழி, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்து, அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை உரிமையாளர் போட வேண்டும். 60 லட்சத்துக்கு வங்கியின் பங்கு 12 லட்சம். ஆடிட்டரும் அதையே கேட்டு எழுதியிருந்தார். ஆனால் அந்த 25 சதவீதத்துக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: போட்ட பணம் மூன்று மாதத்தில் திரும்பி, ஆண்டுக்கு நான்கு முறை சுற்றிவரும் என்பது. தேனில் பணம் சுற்றுவது ஏறக்குறைய ஒரு முறைதான்.

எங்கள் மூன்றாவது வரைவு பிறந்தது இந்த இடத்தில். மாதக் கணக்கைப் போட்டோம். இருபதாயிரம் கிலோ, கிலோ 180 ரூபாய்க்குக் கொள்முதல், மொத்தம் 36 லட்சம். விற்பனை மாதம் 5 லட்சம். பாட்டில், கூலி, வாடகை, வண்டி ஆகியவற்றுக்கு மாதம் 1.25 லட்சம். வீட்டுச் செலவுக்கு 25 ஆயிரம். கடன் தவணை, வட்டி, காப்பீடு சேர்த்து இன்னொரு 25 ஆயிரம். ஆக, தேன் கொள்முதலைச் சேர்க்காமல் பார்த்தால் மாதம் 3.25 லட்சம் மிஞ்சும். பிப்ரவரி தொடக்கத்தில் கையிருப்பு 6 லட்சம்.

| மாதம் | தேன் கொள்முதல் (லட்சம்) | மாத முடிவில் பற்றாக்குறை (லட்சம்) |
|---|---|---|
| பிப்ரவரி | 12 | 2.75 |
| மார்ச் | 16 | 15.50 |
| ஏப்ரல் | 8 | 20.25 |
| ஜூலை | இல்லை | 10.50 |
| அக்டோபர் | இல்லை | 0.75 |

நவம்பரில் கடன் பூஜ்யத்துக்கு வந்து, ஜனவரி முடிவில் கையில் 9 லட்சம் நிற்கிறது. ஆக, 12 லட்சம் மட்டும் கிடைத்திருந்தால் மார்ச்சிலேயே பணத் தட்டுப்பாடு வந்து, ஏப்ரல் முடிவில் 8.25 லட்சம் குறைந்திருக்கும். வாங்க வேண்டிய இருபதாயிரம் கிலோவில் ஏறத்தாழ 4,600 கிலோவை வாங்க முடியாமல் போயிருக்கும். கடன் கிடைத்தும் ஆர்டரைத் தவறவிடுவது என்றால் இதுதான்.

இந்த அட்டவணையைத்தான் முதல் ஸ்லைடில் வைத்தோம். அதன் மேல் ஒரே வாக்கியம்: மார்ச் முதல் செப்டம்பர் வரை 20.25 லட்சம், மற்ற மாதங்களில் 5 லட்சம் வரம்பு வேண்டும். சீசன் தொழில்களுக்கு இப்படி உச்ச வரம்பு, சாதா வரம்பு என்று இரண்டாகத் தருவது வங்கிகளில் பழக்கமான ஏற்பாடுதான். 20 சதவீதம் என்பதும் குறைந்தபட்ச அளவு, அதிகபட்சம் இல்லை. காரணம் காட்டினால் கூடுதலாகத் தரலாம். ஆனால் கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

இரண்டாவது ஸ்லைடு ரப்பர் சீசனை விளக்கியது. கடந்த மூன்று ஆண்டுகளின் வங்கிக் கணக்கிலிருந்து மாதவாரியாக வரவு செலவை எடுத்து அதனருகில் வைத்தோம். மதிப்பீட்டை நம்பாத அதிகாரியும் நடந்து முடிந்த கணக்கை நம்புவார்.

மூன்றாவது ஸ்லைடுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. காஷ் கிரெடிட்டில் வரம்பு எவ்வளவாக இருந்தாலும், எடுக்க முடிவது டிராயிங் பவர் அளவுக்குத்தான்: கிடங்கில் இருக்கும் சரக்கின் மதிப்பில், வங்கி தன் பாதுகாப்புக்காகக் குறைத்துக்கொள்ளும் மார்ஜினைக் கழித்த மிச்சம். ஏப்ரல் முடிவில் பதினைந்தாயிரம் கிலோ, மதிப்பு 27 லட்சம். 25 சதவீத மார்ஜின் போனால் 20.25 லட்சம். தேவையும் துல்லியமாக அதே தொகை. கணக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அத்தை மகனுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பயம். ஒரு ட்ரம் தேன் புளித்தாலும் டிராயிங் பவர் குறைந்துவிடும்.

புளிப்பது கற்பனை இல்லை. ரப்பர் தேனில் ஈரம் அதிகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் உணவுப் பாதுகாப்புத் தர அளவுக்கு வெளியே போவதோடு, நுரைத்துப் புளிக்கவும் தொடங்கும். மகளின் வரைவில் இயந்திரம் ‘நவீனமயம்’ என்ற தலைப்பில் வந்திருந்தது. ஆடிட்டரின் வரைவில் 6 லட்ச ரூபாய் கொட்டேஷனாக மட்டும் இருந்தது. நாங்கள் அதைச் சரக்கு ஸ்லைடிலேயே சேர்த்தோம்: வங்கிக்கு ஈடாக இருப்பது இந்தத் தேன், அதைக் கெடாமல் காப்பது இந்த இயந்திரம். ஒவ்வொரு ட்ரம்மையும் வாங்கும்போது ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து எழுதிய நோட்டின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து ஒட்டினோம். இயந்திரத்துக்குக் கேட்டது 4.5 லட்சம், சொந்தப் பணம் 1.5 லட்சம். அந்தக் கடன் எந்த வரைவிலும் தேறியிருக்கும்.

அடுத்து, மழை பற்றி ஒரு ஸ்லைடு. தளிர் விடும் நேரத்தில் மழை பெய்தாலோ, இளம் இலையில் சாம்பல் நோய் விழுந்தாலோ தேன் குறையும். தேன் பாதியாகக் குறைந்தால் கொள்முதலும் பாதி, கடனும் பாதி, ஆனால் வாடகையும் தவணையும் குறையாது என்று எழுதி, அந்த ஆண்டின் மாதக் கணக்கையும் தனியே போட்டோம். கெட்டதை ஏன் நாமே சொல்ல வேண்டும் என்று வீட்டில் எதிர்ப்பு. அதிகாரி எப்படியும் கேட்பார், பதில் காகிதத்தில் இருக்கட்டும் என்றேன்.

மற்ற இரண்டையும் தூக்கி எறியவில்லை. ஆடிட்டரின் அட்டவணைகள் முழுவதும் பின்னிணைப்பாயின. மார்ச் 31 சரக்குக்குப் பக்கத்தில் மட்டும் ‘சீசன் கொள்முதல், இரண்டாவது ஸ்லைடு பார்க்கவும்’ என்று குறிப்பு. மகளின் வரைவிலிருந்து வாடிக்கையாளர் ஸ்லைடை எடுத்தோம். கடைகளின் பெயரோடு, அவர்கள் எத்தனை ஆண்டாக வாங்குகிறார்கள், எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்று சேர்த்தோம். மொத்தம் ஏழு ஸ்லைடுகள். பங்கு கேட்டு முதலீட்டாளரிடம் போகும் நாள் வந்தால் அவளுடைய வரிசைதான் சரி, என்னுடையது அங்கே கஞ்சத்தனமாகத் தெரியும்.

எங்கள் வரிசைக்கும் ஒரு விலை உண்டு. மாதக் கணக்கைக் காட்டிவிட்டால், மாதா மாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். கணக்கு எழுதும் பழக்கமில்லாதவர் இதைக் கையில் எடுத்தால், ஆகஸ்டிலேயே மாட்டிக்கொள்வார்.

பரிசீலனை மையம் எங்களிடம் கேட்டது இரண்டே கேள்வி, இரண்டும் கிடங்கின் காப்பீட்டைப் பற்றி. பிறகு மார்ஜினை 30 சதவீதமாக உயர்த்தி, உச்ச வரம்பாக 18.5 லட்சம் தந்தார்கள். மிச்சம் 1.75 லட்சத்துக்கு, ஏப்ரலில் தேன் கொடுத்த இரண்டு பெட்டிக்காரர்களிடம் ஜூனில் பணம் தருவதாகச் சொல்லி, கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி அத்தை மகன் பேசி முடித்தார்.